ஒரு பிரேமின் விலையும் எட்டு ஜிபி எல்லையும்

குறைந்த செலவில் கணினி கட்டமைக்க முற்படும் மாணவர்களிடையே 'ஒரு பிரேமுக்கு எத்தனை ரூபாய்' என்னும் அளவீடு மறுப்பின்றி நிலைபெற்றுவிட்டது. கிராபிக்ஸ் கார்டு எனப்படும் வரைகலை அட்டையின் விலையை, அது விநாடிக்குச் சராசரியாக வரைந்து தரும் பிரேம்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஈவு எதற்குக் குறைவோ அதுவே வாங்கத்தக்கது. இதற்கு எதிர்க்கட்சியும் ஒன்று உண்டு. நினைவகம் எத்தனை ஜிபி என்பதை மட்டும் பார்த்தால் போதும், எட்டு ஜிபி அட்டைகளின் காலம் முடிந்துவிட்டது என்பது அக்கட்சியின் வாதம். ஃபுல் ஹெச்டி திரை ஒன்றுக்காக முப்பதாயிரம் ரூபாய்க்குள் அட்டை தேடும் ஒருவர் இவ்விரு கட்சிகளுக்கும் இடையில் நின்று தடுமாறுகிறார். இரு தரப்பும் தவறவிடுவது ஒன்றே. பிரேம் என்பது அளவுக்கு ஏற்பக் கூடிக்குறையும் பயன். நினைவகம் அப்படியன்று, அது ஒரு வாயில். வாயிலின் அகலத்தை ரூபாயால் வகுப்பதில் பொருளில்லை. உள்ளே நுழைய முடிகிறதா, இல்லையா என்பது மட்டுமே அங்கே கேள்வி.

முதலில் பிரேம் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். பின்வரும் விலைகளும் வேகங்களும் கணக்கை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை. சந்தை விலை வாரத்துக்கு வாரம் மாறுவது. 'அ' என்னும் அட்டை 21,000 ரூபாய், எட்டு ஜிபி, சராசரி 70 பிரேம். 'ஆ' என்னும் அட்டை 27,000 ரூபாய். அதுவும் எட்டு ஜிபி. சராசரி 90 பிரேம். வகுத்துப் பார்த்தால் இரண்டிலும் ஒரு பிரேமின் விலை சரியாக 300 ரூபாய். அளவீடு இங்கே ஊமையாகிவிடுகிறது.

ஆனால் வரைகலை அட்டை தனியாக ஓடுவதில்லை. செயலி, மதர்போர்டு, மின்வழங்கி, சேமிப்பகம், பெட்டி எல்லாம் சேர்ந்து 35,000 ரூபாய் ஆகிறது என்று கொண்டால், தொகுதியில் வர வேண்டியது முழுக் கணினியின் விலை. அப்போது 'அ' உள்ள கணினி 56,000 ரூபாய். 70-ஆல் வகுத்தால் 800. 'ஆ' உள்ள கணினி 62,000 ரூபாய். 90-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 689. சமமாக நின்ற இரண்டில் விலை கூடிய அட்டை இப்போது தெளிவாக முந்துகிறது. ஏற்கெனவே கணினி வைத்திருந்து அட்டையை மட்டும் மாற்றுபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மற்ற பாகங்களுக்கான பணம் முன்பே செலவாகிவிட்டது. ஆக ஒரே அட்டை, ஒரே விலை, ஒரே வேகம் இருந்தும் இரு வாங்குபவர்களுக்கு இரு விடைகள் கிடைக்கின்றன. 'இந்த அட்டையின் ஒரு பிரேம் விலை இவ்வளவு' என்று பொதுவாக அறிவிக்கும் பட்டியல்கள் இதைச் சொல்வதில்லை.

பகுதியிலும் இதே சிக்கல் உண்டு. மாணவர் வைத்திருப்பது 75 ஹெர்ட்ஸ் திரை என்றால் அது விநாடிக்கு 75 படங்களுக்கு மேல் காட்டாது. 'ஆ' தரும் 90-இல் 15 பிரேம்கள் கண்ணுக்கு எட்டாதவை. 62,000-ஐ 75-ஆல் வகுத்தால் 827 ரூபாய் வருகிறது. 'அ' 800-லேயே நிற்கிறது. முடிவு மீண்டும் தலைகீழாகிறது. நுட்பமாகப் பார்த்தால், திரையின் வரம்பை மொத்தச் சராசரியின் மீது பொருத்தாமல் ஒவ்வொரு விளையாட்டின் மீதும் தனித்தனியாகப் பொருத்தி அதன்பின் சராசரி எடுப்பதே முறை. போட்டி விளையாட்டு ஒன்றில் 300 பிரேம் பெறும் அட்டை, அந்த ஒற்றை எண்ணால் தன் முழுச் சராசரியையும் தூக்கிக்கொண்டுவிடும். பெருக்கல் சராசரி இதைச் சிறிது தணிக்கும், ஆனால் திரையின் வரம்பை அதுவும் அறியாது. புள்ளியியல் படித்தவர்கள் வேறு எந்தத் தரவிலும் விடமாட்டாத பிழையை இந்த ஒன்றில் மட்டும் தாராளமாக மன்னித்துவிடுகிறார்கள்.

இனி நினைவகம். ஃபுல் ஹெச்டி சிறிய திரை. ஆகவே அதற்குப் பெரிய நினைவகம் தேவையில்லை என்பது கடைகளில் அடிக்கடி சொல்லப்படும் சமாதானம். கணக்கு இதை ஏற்பதில்லை. 1920-க்கு 1080 என்னும் திரையில் உள்ளவை ஏறத்தாழ 20.7 இலட்சம் பிக்சல்கள். பிக்சலுக்கு நான்கு பைட் என்றால் ஒரு முழுப் படம் சுமார் எட்டு எம்பிதான். எட்டு ஜிபியில் அப்படி ஆயிரம் படங்களை அடுக்கலாம். இடைநிலைக் கணக்கீடுகளுக்கான படங்களைச் சேர்த்தாலும் திரையின் அளவு மட்டுமே நினைவகத்தை நிரப்பிவிடாது.

நிரப்புவது டெக்ஸ்சர்கள், அதாவது சுவர், துணி, தோல், மரப்பட்டை போன்றவற்றின் மீது போர்த்தப்படும் மேற்பரப்புப் படங்கள். 4096-க்கு 4096 அளவுள்ள ஒரு டெக்ஸ்சர், வரைகலை அட்டைகள் ஏற்கும் வழக்கமான சுருக்க முறையில் பிக்சலுக்கு ஒரு பைட் வீதம் 16 எம்பி எடுக்கும். தொலைவிலிருந்து பார்ப்பதற்கான சிறிய நகல்களும் கூடவே வைக்கப்படுவதால் அது மூன்றில் ஒரு பங்கு கூடி 21 எம்பி ஆகிறது. ஒரு பொருளுக்கு நிறம், மேடுபள்ளம், பளபளப்பு என்று மூன்று படங்கள் இருந்தால் 64 எம்பி. காட்சியில் அப்படி நூறு பொருள்கள் இருந்தால் 6.4 ஜிபி. திரை எதுவாக இருந்தாலும் விளையாட்டின் அமைப்பில் டெக்ஸ்சர் தரத்தை உச்சத்தில் வைத்தால் இந்தச் சுமை பெரும்பாலும் அப்படியே வந்து இறங்கும். கதிர்த்தடம் எனப்படும் ரே டிரேசிங்கை இயக்கினால் அதற்கான தரவமைப்புகளும் இடம் கேட்கும். இடைப் பிரேம்களைத் தானே உருவாக்கிச் சேர்க்கும் வசதியும் கொஞ்சம் நினைவகத்தை எடுத்துக்கொள்ளும். நினைவகம் குறைந்த அட்டைக்கு மருந்தாக விற்கப்படும் வசதி அந்த நினைவகத்திலேயே கைவைப்பது ஒரு முரண்.

நினைவகம் நிரம்பி வழிந்தால் என்ன நேரும்? வழிந்த தரவு கணினியின் பொது நினைவகத்துக்குப் போகிறது. தேவைப்படும்போது மதர்போர்டின் பிசிஐஇ பாதை வழியே திரும்ப வருகிறது. ஆர்டிஎக்ஸ் 4060 தன் சொந்த நினைவகத்தை விநாடிக்கு 272 ஜிபி வேகத்தில் படிக்கிறது. அந்த அட்டை மதர்போர்டோடு பேசுவது எட்டுத் தடங்கள் வழியாக மட்டுமே. நான்காம் தலைமுறைப் பாதையில் அது விநாடிக்கு ஏறத்தாழ 16 ஜிபி. மூன்றாம் தலைமுறையில் 8 ஜிபி. விநாடிக்கு 60 பிரேம் வேண்டுமானால் ஒவ்வொரு பிரேமுக்கும் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிவிநாடி. ஒரு பிரேமை வரைய 200 எம்பி தரவு வெளியிலிருந்து வர வேண்டியிருக்கிறது என்று கொள்ளலாம். அட்டையின் உள்ளேயே இருந்தால் அதைப் படிக்க ஒரு மில்லிவிநாடிகூட ஆகாது. நான்காம் தலைமுறைப் பாதையில் 12.5 மில்லிவிநாடி ஆகும். பழைய மூன்றாம் தலைமுறைப் பலகையில் 25 மில்லிவிநாடி. அதாவது வரைவதற்கான அவகாசம் முழுவதும் காத்திருப்பிலேயே தீர்ந்து, அடுத்த பிரேமின் நேரத்திலும் பாதி போய்விடுகிறது.

செலவைக் குறைக்க முனைபவர்தான் பழைய மதர்போர்டை வைத்துக்கொள்கிறார். ரைசன் 5 3600 செயலியும் பி450 பலகையும் உள்ள கணினியில் அட்டைக்குக் கிடைப்பது மூன்றாம் தலைமுறைப் பாதைதான். விமர்சகர்களோ செயலி தடையாகிவிடக்கூடாது என்பதற்காகப் புதிய பலகையிலும் மிக விரைவான செயலியிலும் அட்டைகளைச் சோதிக்கிறார்கள். ஒப்பீட்டுக்கு அது சரியான முறைதான். ஆனால் அந்த எண்களை அப்படியே பழைய கணினிக்குப் பெயர்த்துவிட முடியாது. 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இதற்கு மிகக் கடுமையான உதாரணம். நான்கு ஜிபி நினைவகம், நான்கே தடங்கள். பழைய பலகையில் பொருத்தியபோது, நினைவகம் நிரம்பிய விளையாட்டுகளில் அது பெருமளவு வேகத்தை இழந்தது. இன்டெலின் ஆர்க் பி580 வேறு வகையில் சிக்கியது. 2024 டிசம்பரில் 249 டாலருக்குப் பன்னிரண்டு ஜிபியோடு வந்தபோது எல்லாப் பட்டியல்களிலும் அதுவே முன்னணி. பழைய செயலிகளோடு இணைத்துச் சோதித்தபோது அதன் இயக்கி மென்பொருள் செயலியின் மீது ஏற்றும் சுமை வெளிப்பட்டு, பல விளையாட்டுகளில் அந்த முன்னிலை கரைந்தது. மேலும் அந்த அட்டைக்கு மதர்போர்டின் அமைப்பில் Resizable BAR இயக்கப்பட்டிருப்பது இன்றியமையாதது. அவ்வசதி இல்லாத பழைய பலகை வைத்திருப்பவருக்குப் பட்டியலின் முதலிடத்தால் பயனில்லை.

நினைவகத்தின் தாக்கத்தை மட்டும் தனியே பிரித்தறிய வழியுண்டா என்ற ஐயம் ஆய்வாளருக்கு எழுவது இயல்பு. ஆர்டிஎக்ஸ் 3060-இன் பன்னிரண்டு ஜிபி வடிவத்தையும் எட்டு ஜிபி வடிவத்தையும் ஒப்பிட்டால் விடை கிடைக்காது. எட்டு ஜிபி வடிவத்தில் நினைவகப் பாதையே 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறுக்கப்பட்டு, தரவு வேகம் 360-இலிருந்து 240 ஜிபியாக இறங்கியது. இரண்டு மாறிகள் ஒருங்கே மாறிவிட்டன. தற்செயலாக அமைந்த நல்ல பரிசோதனை ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ. 2023-இல் எட்டு ஜிபி வடிவம் 399 டாலருக்கும் பதினாறு ஜிபி வடிவம் 499 டாலருக்கும் வந்தன. சில்லு ஒன்றே, நினைவகப் பாதையும் ஒன்றே. பெரும்பாலான விளையாட்டுகளில் இரண்டின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. நூறு டாலர் வீண் என்று பலர் எழுதினர். நினைவகம் வழியும் சில விளையாட்டுகளில் மட்டும் சிறிய வடிவம் திக்கித் திணறியது, பெரிய வடிவம் ஒன்றும் நடவாததுபோல் ஓடியது. வாயில் என்று மேலே சொன்னதன் சான்று இதுவே. வாயிலுக்கு உள்ளே இருக்கும்வரை கூடுதல் ஜிபிக்கு மதிப்பு சுழியம்; வெளியே போன கணத்தில் அதுவே எல்லாம்.

சராசரி இதை எப்படி மறைக்கிறது என்பதைப் பழைய கணக்கிலேயே காணலாம். 'ஆ' அட்டையின் 90 என்னும் சராசரி ஐந்து விளையாட்டுகளிலிருந்து வந்தது: நான்கில் 96, ஐந்தாவதில் 66. அதோடு 'இ' என்னும் மூன்றாம் அட்டையை ஒப்பிடலாம். விலை 28,000, நினைவகம் பன்னிரண்டு ஜிபி, நான்கில் 82, ஐந்தாவதில் 72, சராசரி 80. அட்டையின் விலையை மட்டும் வகுத்தால் 'ஆ' 300 ரூபாய், 'இ' 350 ரூபாய். பட்டியல் 'ஆ'வைத்தான் சொல்லும். ஐந்தாவது விளையாட்டில்கூட 66-க்கும் 72-க்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் வரைபடங்களில் 1% low என்று குறிக்கப்படும் எண்ணைப் பார்த்தால், அதாவது மிக மெதுவான நூற்றில் ஒரு பங்கு பிரேம்களின் வேகத்தைப் பார்த்தால், 'இ' 45-இல் நிற்க 'ஆ' 18-இல் விழுந்திருக்கிறது. ஓடிக்கொண்டே இருக்கும் காட்சி ஒவ்வொரு திருப்பத்திலும் உறைந்து உறைந்து நகரும் அனுபவம் அது. 66 என்னும் சராசரி பொய்யன்று. அந்த உறைவுகள் அதற்குள் புதைந்து கிடக்கின்றன.

இதைவிடத் தந்திரமான வடிவமும் உண்டு. நினைவகம் போதாதபோது சில விளையாட்டுகள் திணறுவதில்லை. தரம் குறைந்த டெக்ஸ்சர்களை ஓசையின்றி ஏற்றிக்கொள்கின்றன. 2023-இல் வெளியான ஹாக்வார்ட்ஸ் லெகசியில் எட்டு ஜிபி அட்டைகளில் சுவர்களும் உடைகளும் மங்கித் தோன்றித் தாமதமாகத் தெளிந்ததை விமர்சகர்கள் படக்காட்சிகளோடு காட்டினர். அங்கே சராசரியும் சரியாக இருக்கும், அடிமட்ட வேகமும் சரியாக இருக்கலாம். இரு அட்டைகளும் வரைந்தது ஒரே படத்தை அல்ல. இரண்டின் பிரேமுக்கும் ஒரே அலகில் விலை கட்டுவது அளவையியல் பிழை.

வாங்கிய அட்டையில் இந்நிலை நேர்ந்ததா என்பதை விண்டோஸின் Task Manager-லேயே காணலாம். விளையாட்டு ஓடும்போது Dedicated GPU memory தன் உச்சத்தை ஒட்டி நிற்க, Shared GPU memory படிப்படியாக ஏறினால் தரவு வெளியே வழிகிறது என்று கொள்ளலாம். முதல் எண் மட்டும் உச்சத்தில் இருப்பது சான்றாகாது. இடம் இருக்கிறதே என்று முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளும் விளையாட்டுகள் பல. பிடித்தது வேறு, தேவைப்படுவது வேறு. பதினாறு ஜிபி அட்டையில் ஒரு விளையாட்டு பதினொரு ஜிபி காட்டுகிறது என்பதால் எட்டு ஜிபி அட்டையில் அது ஓடாது என்று முடிவுகட்டும் பதிவுகள் இந்த வேறுபாட்டை மறந்தவை. மறைமுகமான அடையாளம் இன்னும் எளிது: டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்கியதும் திணறல் முற்றிலும் மறைந்தால் குற்றவாளி நினைவகம்; நிழலையும் ஒளியையும் குறைத்தால்தான் மாற்றம் தெரிகிறது என்றால் சில்லின் வலு போதவில்லை.

அந்த ஒரு படியில்தான் 'எட்டு ஜிபி செத்துவிட்டது' என்னும் கட்சியின் வாதம் தளர்கிறது. ஐந்தாவது விளையாட்டில் டெக்ஸ்சரை உச்சத்திலிருந்து ஒரு படி இறக்கியதும் 'ஆ'வின் அடிமட்ட வேகம் 18-இலிருந்து 58-க்கு ஏறிவிடுவதாகக் கொண்டால், அத்தகைய ஏற்றம் நடப்பில் அரிதன்று. ஃபுல் ஹெச்டி திரையில் உச்சத்துக்கும் அதற்கு அடுத்த படிக்கும் இடையிலான வேறுபாட்டை நின்று உற்றுப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும் என்ற நிலையும் பல விளையாட்டுகளில் உண்டு. 2023 மார்ச்சில் கணினிக்கு வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகம் எட்டு ஜிபி அட்டைகளைத் திணறடித்தபோது பழி முழுவதும் அட்டைகளின் மீது விழுந்தது. பின்னர் வந்த திருத்தங்கள் அதன் நினைவகத் தேவையைக் குறைத்ததோடு, நடுத்தர டெக்ஸ்சர்களின் தோற்றத்தையும் மேம்படுத்தின. குறை ஓரளவு மென்பொருளிலும் இருந்தது. ஆனால் இறக்குவதற்குப் படி இல்லாத இடங்களும் வரத் தொடங்கியுள்ளன. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டு, கதிர்த்தட வன்பொருளையும் எட்டு ஜிபியையும் தன் குறைந்தபட்சத் தேவையாகவே அறிவித்தது.

ஆகவே 'ஆ'வா 'இ'யா என்னும் வினா, அட்டை எத்தனை ஆண்டு கணினியில் இருக்கப்போகிறது என்பதைப் பொறுத்தது. உதவித்தொகையைச் சேர்த்து வாங்கும் ஆய்வு மாணவர் அதை ஈராண்டில் விற்றுவிட்டு அடுத்ததுக்குப் போவதில்லை; முனைவர் பட்டம் முடியும்வரை நான்கைந்து ஆண்டுகள் வைத்திருப்பார். அவருக்கு 'இ'யின் கூடுதல் 1,000 ரூபாயும் குறையும் 10 பிரேமும் தாங்கத்தக்க விலைதான், குறிப்பாக 75 ஹெர்ட்ஸ் திரையில். முதல் நான்கு விளையாட்டுகளிலும் 82-ம் 96-ம் அந்தத் திரையில் ஒன்றே. பட்டியல் காட்டிய 50 ரூபாய் வேறுபாடு அங்கே இல்லாமல் போகிறது. 144 ஹெர்ட்ஸ் திரையில் போட்டி விளையாட்டுகளை மட்டும் ஆடும் இளநிலை மாணவருக்கு விடை வேறு. அவ்விளையாட்டுகள் எட்டு ஜிபியை எட்டுவதே இல்லை. அவர் 'ஆ'வை வாங்குவதே முறை. 21,000 ரூபாயைத் தாண்ட முடியாதவர் 'அ'வை வாங்கி டெக்ஸ்சரை ஒரு படி இறக்கிக்கொள்வதில் குறை ஏதுமில்லை. ஆனால் 30,000 ரூபாய்க்கு மேல் புதிதாகக் கொடுத்து எட்டு ஜிபி அட்டை வாங்குவதற்கு இனி நல்ல காரணம் சொல்வது கடினம். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியின் எட்டு, பதினாறு ஜிபி வடிவங்களுக்கிடையே 2025-இல் அறிவிக்கப்பட்ட விலை வேறுபாடு 50 டாலர்தான். அந்த இடைவெளி இந்தியக் கடையில் எவ்வளவாக இருக்கிறது என்று வாங்கும் அன்று பார்த்து, அதை வைத்திருக்கப்போகும் ஆண்டுகளால் வகுத்துக்கொள்ளலாம்.

வாயில் என்னும் ஒப்புமையை மறுபக்கமும் நீட்டக்கூடாது. வலுவற்ற சில்லின் மீது ஏற்றிய பெரிய நினைவகம், ஆளில்லாத மண்டபத்துக்கு வைத்த பெரிய கதவு. ஜிடி 730 என்னும் மிகப் பழைய அட்டை 'நான்கு ஜிபி கிராபிக்ஸ்' என்ற அட்டைப்பெட்டியோடு இந்தியச் சந்தையில் நெடுங்காலம் விலைபோனது. அந்த நான்கு ஜிபியையும் பயன்படுத்தத்தக்க வேகம் அதன் சில்லுக்கு இல்லை. பெயரொற்றுமையும் ஒரு பொறி. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் எட்டு ஜிபி அட்டையும் ஆறு ஜிபி அட்டையும் உண்டு. ஆறு ஜிபி வடிவத்தில் குறைந்திருப்பது நினைவகம் மட்டுமன்று: கணிப்புக் கருக்கள் 2560-இலிருந்து 2304 ஆகவும், நினைவகப் பாதை 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகவும் குறைக்கப்பட்டுள்ளன. 70 வாட்டில், தனி மின்னிணைப்பு இன்றியே இயங்கும் என்பதால் பழைய அலுவலகக் கணினிகளுக்கு அது பொருந்தும். எட்டு ஜிபி வடிவத்தின் சோதனை எண்களைப் பார்த்துவிட்டு அதை வாங்குபவர்தான் ஏமாறுகிறார். நேரு பிளேஸிலோ லாமிங்டன் சாலையிலோ எஸ்.பி. சாலையிலோ விலைப்பட்டியல் கேட்கும்போது மாதிரியின் பெயரோடு நினைவக அளவையும் பாதையின் பிட் எண்ணையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொண்டால், எந்த அட்டைக்கான பிரேம் எண்களைத் தேட வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.